அரையாண்டில் 49 எடுத்த பிள்ளைக்கு 80 இன்னும் எட்டுமா? சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதம்

வெள்ளவத்தை_கலா | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகள் மட்டும் சென்னையில் என் அக்கா வீட்டில் நின்று சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவு கிடைக்க, போர்ட் பெறுபேற்றில் கணிதத்துக்கு 80 வேண்டும் என்று அவளுடைய பாடசாலையில் சொல்லிவிட்டார்கள்.

இதுவரை வந்த கணிதப் புள்ளிகள் இவை. ஜூலையில் நடந்த அலகுப் பரீட்சையில் 40க்கு 24. அரையாண்டில் 80க்கு 49. பாடசாலை கொடுக்கும் 20 புள்ளியில் இப்போதைக்கு 13 என்று ஆசிரியை சொன்னார்.

அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை அனுப்பினா. அலகுப் பரீட்சைக்கு 10, அரையாண்டுக்கு 30, பிரி-போர்டுக்கு 40, பாடசாலைக்கு 20, ஆக மொத்தம் 100. அதை வைத்துக் கணக்குப் போட்டேன். அலகுப் பரீட்சையில் 6 வருகிறது, அரையாண்டில் 18 சொச்சம், பாடசாலை 13. பிள்ளை பிரி-போர்டில் 40க்கு 40 எடுத்தாலும் 77தான்.

அப்படியென்றால் 80 என்பது இப்போதே போய்விட்டதா? மகளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று இரவு முழுக்க இதே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

---

கொட்டாஞ்சேனை_ரவி | சனி, இரவு 10.05

அக்கா, அந்த அட்டவணை பிழை. என் மச்சானின் மகன் கோயம்புத்தூரில் சி.பி.எஸ்.இ. படித்தவன், எனக்குத் தெரியும். போர்ட் பரீட்சைக்கு 80, பாடசாலைக்கு 20. அந்த 20ஐ அரையாண்டுப் புள்ளியைச் சுருக்கித்தான் போடுவார்கள். 49ஐச் சுருக்கினால் 12 வரும், அதுதான் உங்களுக்கு 13 என்று சொல்லியிருக்கிறார்கள். அதை இனி மாற்ற ஏலாது. மிச்சம் 67ஐ போர்டில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, எழுத்துப் பரீட்சையில் தனியாக 33 வீதம் எடுக்காவிட்டால் பெயில். 80க்கு 27. அதையும் மனதில் வைத்திருங்கள்.

---

வெண்கட்டி | சனி, இரவு 10.30

ரவி சொன்னதில் சரி எது, பிழை எது என்று எனக்குத் தெரியாது. நான் கொழும்பில் சாதாரண தரத்துக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இங்கே தவணைப் பரீட்சையில் பிள்ளை பூச்சியம் எடுத்தாலும் ஓ/எல் பெறுபேற்றில் அது ஒட்டாது, டிப்பார்ட்மென்ட் பரீட்சைதான் கணக்கு. ஆனால் கலா தங்கச்சி, உங்கள் அட்டவணையை ஒருக்கால் கூட்டிப் பாருங்கள். 10, 30, 40, 20. நூறு முடிந்துவிட்டது. பெப்ரவரியில் பிள்ளை எழுதப்போகும் போர்ட் பரீட்சைக்கு அதில் எங்கே இடம்?

போர்ட் பரீட்சைக்கு ஒரு புள்ளியும் ஒதுக்காத அட்டவணை போர்ட் பெறுபேற்றின் அட்டவணையாக இருக்க ஏலாது. வேறு ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

---

2021_பேட்ச் | சனி, இரவு 11.12

சேர் சரியாகப் பிடித்துவிட்டார். அந்த அட்டவணை எங்களுடையது :)

நான் 2021ல் திருச்சியில் பத்தாம் வகுப்பு. கொரோனாவால் அந்த ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்தார்கள். எழுதாத பரீட்சைக்கு எப்படிப் புள்ளி போடுவது? வழக்கமான 20 அப்படியே இருந்தது. மிச்சம் 80க்குத்தான் இந்த 10, 30, 40 வந்தது. அதிலும் பாடசாலைகள் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்க முடியாதபடி, அந்தப் பாடசாலையின் முந்தைய மூன்று வருடப் பெறுபேறுகளில் சிறந்த ஆண்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அரையாண்டை விளையாட்டாக எழுதிவிட்டு அழுதவர்களில் நானும் ஒருவன்.

அது அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் வந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் படம் இன்னும் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. கலா அக்கா, நீங்கள் அதை வைத்து நித்திரை முழிக்க வேண்டாம்.

---

வெள்ளவத்தை_கலா | ஞாயிறு, காலை 6.20

தம்பி, நூறு தடவை நன்றி. அக்காவிடம் கேட்டேன், அவவுக்கும் யாரோ அனுப்பியதாம். சேர், நான் அந்த நூறைக் கூட்டியே பார்க்கவில்லை!

சரி, ரவி தம்பி சொல்வதுபோல 67 தேவை என்றால், அரையாண்டில் 49 எடுத்தவளுக்கு அதுவும் தூரம்தானே. 18 புள்ளி ஏற வேண்டும்.

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | ஞாயிறு, காலை 8.15

கலா, நான் சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 11 வருஷம் கணக்கு டீச்சர். கணவர் வேலைக்காக இப்போது கொள்ளுப்பிட்டி. இன்டர்னல் மார்க் ஷீட் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரவி சொன்ன 80, 20 சரி. ஆனால் அந்த 20 அரையாண்டின் சுருக்கம் இல்லை. அது நான்கு ஐந்துகள். எழுதும் தேர்வுகளுக்கு 5. வகுப்பில் வேறு வகையில் சோதிப்பதற்கு, அதாவது வாய்மொழிக் கேள்வி, வினாடி வினா, குழு வேலை மாதிரி, இன்னொரு 5. போர்ட்ஃபோலியோவுக்கு 5. கணக்கு லேப் செயல்பாடுகளுக்கு 5. அறிவியலில் கடைசி 5 செய்முறைக்கு, சமூக அறிவியலில் ப்ராஜெக்டுக்கு, மொழிப்பாடத்தில் பேசுவதற்கும் கேட்பதற்கும்.

யூனிட் டெஸ்ட், அரையாண்டு, டிசம்பரில் வரும் தேர்வு, இந்த மூன்றும் சேர்ந்து புகுவது அந்த முதல் 5க்குள்ளே மட்டும்தான். அதுவும் மூன்றில் சிறந்த இரண்டின் சராசரி. பெரும்பாலான பள்ளிகளில் அரையாண்டையே இரண்டாவது தேர்வாக எடுத்துக்கொள்வார்கள், பிரி-போர்டை மூன்றாவதாக. சில பள்ளிகள் தனித்தேர்வு வைப்பதுண்டு, அதை டீச்சரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மகளின் கணக்கைப் போடுவோம். 40க்கு 24 என்றால் ஐந்துக்கு 3. 80க்கு 49 என்றால் ஐந்துக்கு 3.06. இரண்டின் சராசரி 3.03. டிசம்பரில் அவள் 80க்கு 60 எடுத்தால் அது ஐந்துக்கு 3.75. ஜூலைத் தேர்வு கழன்றுவிடும், அரையாண்டும் டிசம்பரும் சேர்ந்து சராசரி 3.41. உயிரைக் கொடுத்துப் படித்து 80க்கு 80 எடுத்தாலும் 4.03தான். மோசமாக எழுதினால் முதல் இரண்டும் நிற்கும், 3.03ஐ விடக் குறையாது.

அதாவது டிசம்பர்த் தேர்வு முழுக்கச் சேர்ந்து போர்ட் ரிசல்டில் அசைக்கக்கூடியது ஒரே ஒரு மார்க். அரையாண்டு 49ம் அப்படித்தான். உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தத் தேர்வில் அவள் 49க்குப் பதில் 65 எடுத்திருந்தால் இன்றைக்கு அரை மார்க் கூடியிருக்கும். அவ்வளவுதான்.

பெயில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் எழுத்தும் இன்டர்னலும் சேர்த்து 33 இருந்தால் போதும். தனித்தனியாக 33 சதவீதம் என்பது பன்னிரண்டாம் வகுப்பு விதி. ரவி அதோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது என் கேள்வி. எழுத்துத் தேர்வு ஐந்தில் அவளுக்கு 3 வந்துவிட்டது. மொத்தம் 13 என்றால் மற்ற மூன்று ஐந்திலும் சேர்ந்து 10தான். பொதுவாக அங்கே பிள்ளைகள் 13, 14 வாங்குவார்கள். அந்த மார்க் எங்கே போனது?

---

தெஹிவளை_அப்பா | ஞாயிறு, காலை 9.02

யூனிட் புள்ளித் திட்டம் பற்றித்தானே பேசுகிறீர்கள்? எங்கள் வீட்டிலும் இதே தலையிடி. மகன் லண்டன் ஏ/எல் மெத்ஸ். இதுவரை ஐந்து யூனிட் முடிந்தது. பி1 92, பி2 88, எஸ்1 85, எம்1 80, பி3 84. மொத்தம் 429. ஏ எடுக்க 600க்கு 480 வேண்டும், ஆகவே கடைசி பி4ல் 51 போதும். ஆனால் ஏ ஸ்டார் வேண்டுமென்றால் பி3, பி4 இரண்டிலும் சேர்த்து 180 வேண்டுமாம். அப்படியென்றால் பி4ல் 96. இவன் பி3ஐத் திருப்பி எழுதுவதா, பி4ல் 96க்கு ஓடுவதா? பரீட்சைக் கட்டணமும் லேசில்லை.

---

வெண்கட்டி | ஞாயிறு, காலை 9.20

தெஹிவளை ஐயா, இது வேறு பரீட்சை. உங்களுக்கு யூனிட் என்றால் முழுப் பரீட்சை, ஒவ்வொன்றும் நூறு. இவர்களுக்கு அலகுப் பரீட்சை ஐந்துக்குள் ஒரு துண்டு. ஆனால் கேட்டதற்குச் சொல்கிறேன், 84ஐ 90 ஆக்குவது ஒரு வேலை, 96 எடுப்பது முற்றிலும் வேறு வேலை. நான் என்றால் பி3ஐத் திருப்பி எழுதச் சொல்வேன். தனி இழை தொடங்குங்கள், அங்கே கதைப்போம்.

---

வெள்ளவத்தை_கலா | ஞாயிறு, மதியம் 1.45

மயிலாப்பூர் அக்கா, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். ஆகஸ்டில் தம்பியின் கலியாணத்துக்கு அவளை இங்கே கூப்பிட்டிருந்தேன், மூன்று கிழமை நின்றாள். அந்த நேரம் லேப் செயல்பாடு இரண்டு போய்விட்டதாம். போர்ட்ஃபோலியோ கொப்பி ஜூலையோடு நிற்கிறது. "அது சும்மா ஒட்டுற கொப்பிதானே அம்மா, படிக்கிற நேரத்துல யாரு அதைச் செய்வா" என்கிறாள். போர்ட்ஃபோலியோ 3, லேப் 3, மற்றது 4 என்று ஆசிரியை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

கலியாணத்துக்குக் கூப்பிட்டது நான்தான். அதை இப்போது நினைத்து என்ன செய்ய.

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | ஞாயிறு, மதியம் 2.30

நான் நினைத்தது இதுதான். ஒட்டுகிற நோட்டு என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும்.

அதன் விலையைப் பாருங்கள். போர்ட்ஃபோலியோவில் 2, லேபில் 2, மொத்தம் 4 மார்க். டிசம்பர்த் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் கிடைப்பது 1. நோட்டுக்கு இரண்டு மூன்று சாயங்காலம் போதும். விடுபட்ட இரண்டு செயல்பாட்டுக்கு ஒரு நாள். இதைவிட மலிவாக 4 மார்க் போர்டில் எங்கேயும் கிடைக்காது.

போர்ட்ஃபோலியோவில் நாங்கள் பார்ப்பது அலங்காரம் இல்லை. வகுப்பு வேலை ஒழுங்காக இருக்கிறதா, திருத்திய விடைத்தாளை வைத்து, தப்பான கணக்கைத் திரும்பச் செய்திருக்கிறாளா என்பதுதான். அரையாண்டு விடைத்தாளை எடுத்து, மார்க் போன ஒவ்வொரு கணக்கையும் புதுப் பக்கத்தில் செய்து அதில் வைக்கச் சொல்லுங்கள். நோட்டும் நிறையும், போர்டுக்கும் அதுவே படிப்பு.

லேப் விஷயத்தில் கொஞ்சம் பதமாகப் போக வேண்டும். விடுபட்டதைத் திரும்பச் செய்யவிடுவது டீச்சர் கையில். "மார்க் கூட்டுங்கள்" என்று போகாதீர்கள், எந்த டீச்சருக்கும் பிடிக்காது. "ஆகஸ்டில் ஊரில் இல்லை, அந்த இரண்டு செயல்பாட்டையும் எந்த நாளில் செய்து காட்டலாம்" என்று மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இன்டர்னல் மார்க் போர்டின் தளத்தில் ஏற்றிவிட்டால் அதோடு சரி, பிறகு பள்ளியே நினைத்தாலும் திருத்த முடியாது. ஜனவரி வந்ததும் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் நோட்டு டீச்சர் மேசையில் இருக்கட்டும்.

---

கொட்டாஞ்சேனை_ரவி | ஞாயிறு, மாலை 4.10

சரி, 33 விஷயத்தில் நான் பிழைதான். மச்சானின் மகன் பன்னிரண்டில்தான் தவறினான், அந்த நினைப்பு. ஆனாலும் 80ஓடு நிற்காமல் 91க்கு முயன்றால் ஏ1 கிடைக்குமே. 91 முதல் 100 வரை ஏ1, அதுவும் பதினோராம் வகுப்பு அனுமதிக்கு உதவும்.

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | ஞாயிறு, மாலை 4.35

ரவி, 91 கணக்கு பள்ளி ரிப்போர்ட் கார்டில் இருக்கும். போர்டில் அப்படி நிரந்தர எல்லை இல்லை. அந்தப் பாடத்தில் பாஸ் ஆன எல்லோரையும் மார்க் வரிசையில் நிறுத்தி, மேலே எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று இறங்குவார்கள். எந்த மார்க்கில் ஏ1 முடியும் என்பது வருஷத்துக்கு வருஷம், பாடத்துக்குப் பாடம் மாறும். அதனால் கிரேடை வைத்துத் திட்டம் போட முடியாது. கலாவின் பள்ளி கேட்பது மார்க், 80. அதை மட்டும் வைத்துக்கொள்வோம்.

---

வெண்கட்டி | ஞாயிறு, மாலை 5.00

தங்கச்சி, அரையாண்டு விடைத்தாளின் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். உள்பெட்டியில் போதும். இன்டர்னல் கணக்கை டீச்சர் அம்மா பார்த்துக்கொண்டார். மிச்சம் 62, 63 எங்கேயிருந்து வரும் என்பதைத் தாள்தான் சொல்லும். 49 என்ற எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது.

---

வெண்கட்டி | திங்கள், இரவு 8.50

தாள் பார்த்தேன். கலாவின் அனுமதியோடு எழுதுகிறேன்.

போன புள்ளி 31. பல்தேர்வு இருபதில் 6 போயிருக்கிறது. இறுதியில் ஒரு ஐந்து புள்ளிக் கேள்வியும் ஒரு நான்கு புள்ளிக் கேள்வியும் எழுதவே இல்லை, 9. திரிகோண கணித நிறுவல்களில் 7. இருபடிச் சமன்பாட்டு வசனக் கணக்குகளில் 6. சில்லறை 3.

என்னை உறுத்தியது அந்த 9தான். மகளிடம் கேட்கச் சொன்னேன். கேள்வி தெரியாமல் விடவில்லை, நேரம் முடிந்துவிட்டது. பல்தேர்வுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருக்கிறாள். மூன்று மணித்தியாலத்தில் 80 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு இரண்டேகால் நிமிடம். இருபது பல்தேர்வுக்கு அதிகபட்சம் 45 நிமிடம். அதைத் தாண்டியது முழுக்க கடைசிக் கேள்விகளின் நேரத்திலிருந்து போனது. அவசரப்படாமல் பல்தேர்வு செய்தும் அதில் 6 போயிருக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு விடையையும் முழுக் கணக்காக ஓரத்தில் செய்திருக்கிறாள். நாலு விடைகளில் இரண்டு பார்த்தவுடனே கழியும், அதைக் கழிக்கத் தெரியவில்லை.

அடுத்தது, இந்த அரையாண்டு முழுப் பாடத்திட்டமும் இல்லை. அளவியலும், புள்ளிவிவரமும் நிகழ்தகவும் வரவில்லை. டீச்சர் அம்மா, போர்டில் இவற்றுக்கு எவ்வளவு?

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | திங்கள், இரவு 9.10

அளவியல் 10, புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்த்து 11. இயற்கணிதம்தான் பெரியது, 20. வடிவியல் 15, முக்கோணவியல் 12, ஆயத்தொலை வடிவியல் 6, எண்கள் 6.

---

வெண்கட்டி | திங்கள், இரவு 9.40

நன்றி. அப்படியென்றால் 80ல் 21 புள்ளிக்கு அவள் இன்னும் சோதிக்கப்படவே இல்லை. அந்த 21 மற்றவற்றை விட இலகுவானது. சூத்திரம் தெரிந்து, பிரதியிட்டு, கூட்டல் பிழைக்காமல் இருந்தால் 17 வரும். மிச்சம் 59ல் அரையாண்டு வேகத்திலேயே போனால் 36. ஆக 53.

கொப்பியும் லேபும் நிறைந்தால் பாடசாலைப் புள்ளி 17. 80க்குப் போக போர்டில் 63 வேண்டும். இடைவெளி 10. நீங்கள் சொன்ன 18 இல்லை, 10.

அந்தப் பத்தை நான் இப்படித் தேடுவேன். எழுதாமல் விட்ட 9ஐ எழுத நேரம் கிடைத்தால் 6 வரும், ஒன்பதும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். பல்தேர்வில் இழந்த 6ல் 2 அல்லது 3. மிச்சம் ஒன்றிரண்டு திரிகோண நிறுவல்களில். நிறுவலில் அவள் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு நடுவில் சந்திக்கப் பார்க்கிறாள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, எல்லாவற்றையும் சைன், கோசைனாக மாற்றி, ஒவ்வொரு வரியாக இறங்கச் சொல்லுங்கள். முடிவு வராவிட்டாலும் படிக்குப் படி புள்ளி விழும். இருபடி வசனக் கணக்கை இப்போதைக்கு விடலாம். அது நேரம் தின்னும்.

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | திங்கள், இரவு 10.05

சேர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. இருபடி வசனக் கணக்கை விடக்கூடாது. இயற்கணிதத்தில் 20 மார்க் இருக்கிறது, ஐந்து மார்க் கேள்வி அங்கிருந்து வர வாய்ப்பு அதிகம். உள்ளேயே வேறு கேள்வி தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தாலும் இரண்டுமே வசனக் கணக்காக வந்துவிட்டால் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. 80க்கு 49, அதாவது 61 சதவீதம் என்பது அவள் பள்ளியின் தாளில். பள்ளித் தாள் போர்டை விடக் கடினமாகவும் இருக்கும், லேசாகவும் இருக்கும். போர்டின் கல்வித் தளத்தில் மாதிரி வினாத்தாளும் மார்க் திட்டமும் இலவசமாக இருக்கிறது. டிசம்பர்த் தேர்வுக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை 10.15க்குத் தாளைக் கையில் கொடுங்கள். 15 நிமிடம் வாசிக்க மட்டும். 10.30 முதல் 1.30 வரை எழுதட்டும். வேறு யாராவது மார்க் திட்டத்தை வைத்துத் திருத்தட்டும். அந்த மார்க்தான் சேர் கணக்கில் 53 இருந்த இடத்தில் உட்கார வேண்டியது. அது 45 என்று வந்தால் திட்டமே மாறும்.

---

வெண்கட்டி | திங்கள், இரவு 10.20

வசனக் கணக்கு பற்றி டீச்சர் அம்மா சொல்வது அங்கத்தைய தாள் தெரிந்தவர் பேச்சு. ஆனாலும் நேரப் பிரச்சினை தீராமல் அதைத் தொடுவது வீண் என்ற என் எண்ணத்தை நான் மாற்றவில்லை. மாதிரித் தாள் எழுதிய பிறகு பார்ப்போம்.

---

2021_பேட்ச் | செவ்வாய், காலை 7.30

ஒரு கேள்வி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2026லிருந்து பத்தாம் வகுப்புக்கு இரண்டு போர்ட் பரீட்சை, பெப்ரவரியில் ஒன்று மேயில் ஒன்று, சிறந்தது நிற்கும் என்றார்களே. பெப்ரவரியில் 75 வந்தால் மேயில் எழுதிக் கூட்டிக்கொள்ளலாம்தானே? எங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | செவ்வாய், காலை 8.00

எழுதலாம் தம்பி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொழிகள் இவற்றில் மூன்று பாடம் வரை. பெப்ரவரி கட்டாயம், மே விருப்பம். ஆனால் இன்டர்னல் ஒரே தடவைதான். மேயில் திரும்ப எழுதுவது 80 மட்டும், பழைய 20 அப்படியே கூட வரும். நோட்டை முடிக்காமல் 13ஓடு போனால் இரண்டு தேர்விலும் 67 வேண்டும், 17ஓடு போனால் இரண்டிலும் 63. மே இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாத ஒன்று இருந்தால் அது இந்த நோட்டுதான்.

மே ரிசல்ட் வரும் வரை கணிதப் பிரிவில் இடத்தைப் பிடித்து வைப்பார்களா என்பதைக் கலா பள்ளியில்தான் கேட்க வேண்டும். 80 என்பது போர்டின் விதி இல்லை, பள்ளியின் விதி.

---

வெள்ளவத்தை_கலா | வெள்ளி, இரவு 9.15

இன்றைய நிலவரம். மகள் ஆசிரியைக்கு எழுதிக் கேட்டாள். போர்ட்ஃபோலியோவை நவம்பர் கடைசிக்குள் கொடுத்தால் பார்ப்பாராம். லேப் செயல்பாட்டில் ஒன்றை அடுத்த வியாழன் செய்து காட்டலாம், மற்றதற்கு வேறு பிள்ளைகளும் சேர்ந்தால்தான் ஏற்பாடு செய்வாராம். அதனால் 17 என்று எழுதியிருந்ததை 16 ஆக்கி, போர்டுக்கு 64 என்று கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அரையாண்டைத்தான் இரண்டாவது தேர்வாக எடுக்கிறார்கள், அதுவும் உறுதியாகிவிட்டது. சராசரியில் தசமம் வந்தால் மேலே எடுப்பார்களா கீழே விடுவார்களா என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. மே பற்றிக் கேட்டதற்கு அலுவலகத்தில் ஒருவர் ஓம் என்றார், இன்னொருவர் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஞாயிறு காலை மாதிரித் தாள். அக்கா மணிக்கூடும் கையுமாக உட்காருவா. வெண்கட்டி சேர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பல்தேர்வை 45 நிமிடத்தில் நிறுத்தச் சொன்னதற்கு மகள், "முடியாட்டி என்ன செய்யுறது" என்று கேட்டாள். சேர், அதற்கு என்ன சொல்லட்டும்?

---

வெண்கட்டி | வெள்ளி, இரவு 9.50

முடியாததைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பி வரலாம். பிழை விடைக்கு அங்கே புள்ளி குறைப்பதில்லைதானே, டீச்சர் அம்மா?

---

மயிலாப்பூர்_டு_கொள்ளுப்பிட்டி | வெள்ளி, இரவு 9.58

குறைப்பதில்லை சேர். ஒன்றைக்கூட வெறுமையாக விட வேண்டாம்.